மஞ்சளும் நீலமும் சேர்ந்தால்

மஞ்சளையும் நீலத்தையும் கலந்தால் பச்சை பிறக்கும் என்று ஓவிய ஆசிரியர் சொல்லித் தருகிறார். மாணவன் கிண்ணத்தில் இரண்டு வண்ணங்களையும் இட்டுக் குழைக்கிறான், பச்சை வந்துவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்து அதே மாணவன் பௌதிகப் புத்தகத்தைத் திறக்கிறான். மஞ்சள் ஒளியும் நீல ஒளியும் சேர்ந்தால் வெண்மை உண்டாகும் என்று அங்கே அச்சிட்டிருக்கிறது. தன் கண்ணால் கண்ட பச்சையை அவன் எப்படி மறுப்பான்? புத்தகத்தைத்தான் எப்படி மறுப்பான்? பெரும்பாலோர் பரீட்சைக்கு ஒன்று, படம் வரைவதற்கு ஒன்று என்று இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொண்டு காலந்தள்ளிவிடுகிறார்கள். நேயர்களே, அப்படிச் செய்ய வேண்டுவதில்லை. இரண்டும் உண்மைதான். இரண்டு டார்ச் விளக்குகளும், பரிசுப் பொருள்களைச் சுற்றித் தரும் வண்ண செல்லோபேன் தாள் சிலவும் இருந்தால், ஒரு மாலைப் பொழுதில் இதை நீங்களே கண்டு தெளியலாம்.

அறையை நன்றாக இருட்டாக்கிக்கொள்ளுங்கள். வண்ணம் பூசிய சுவர் இதற்கு உதவாது. அது தன் நிறத்தையும் சேர்த்துக் காட்டிவிடும். ஆகையால் வெள்ளைத் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். மஞ்சள் செல்லோபேன் தாளில் ஒரு துண்டையும் நீலத் தாளில் ஒரு துண்டையும் வெட்டி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரே விளக்கின் முகப்பில் ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். விளக்கை ஏற்றினால் சுவரில் மங்கலான பச்சை வட்டம் தெரியும். ஓவிய ஆசிரியரின் பச்சை அது.

இப்பொழுது தாள்களைப் பிரித்து, மஞ்சளை ஒரு விளக்கிலும் நீலத்தை மற்றொரு விளக்கிலும் கட்டுங்கள். சுவரில் ஒரு மஞ்சள் வட்டம், ஒரு நீல வட்டம் விழும். இரண்டையும் மெல்ல நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்று படியச் செய்யுங்கள். அவை படிந்த இடத்தில் பச்சையைக் காணோம். வெண்மையும் வெண்மையை ஒட்டிய வெளிறிய நிறமுமே தோன்றும். தாள்கள் அவையே, விளக்குகளும் ஒரே வகை. சேர்த்த விதம் மட்டுந்தான் வேறு.

இதற்குக் காரணம் காண வேண்டுமானால், ஒரு வண்ணத் தாள் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தாள் ஒளிக்கு நிறம் ஊட்டுவதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது எதையும் ஊட்டுவதில்லை; எடுத்துக்கொள்ளவே செய்கிறது. வெள்ளொளியில் சிவப்பு முதல் ஊதா வரை எல்லா நிறங்களும் அடங்கியிருக்கின்றன. மஞ்சள் தாள் அவற்றுள் நீலப் பகுதியை விழுங்கிவிட்டுச் சிவப்பையும் பச்சையையும் வெளியே விடுகிறது. நீலத் தாள் சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தையும், கொஞ்சம் பச்சையையும் விடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெள்ளொளியை மூன்று பகுதியாகப் பிரித்து, சிவப்பு 100, பச்சை 100, நீலம் 100 என்று கொள்வோம். மஞ்சள் தாள் சிவப்பில் 90, பச்சையில் 75, நீலத்தில் 5 பங்கை விடட்டும். நீலத் தாள் சிவப்பில் 5, பச்சையில் 20, நீலத்தில் 60 பங்கை விடட்டும். இவை விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் தாள் சிறிது மாறுபடலாம்.

ஒரே விளக்கில் இரண்டு தாளையும் அடுக்கும்போது, முதல் தாளைக் கடந்து வந்த ஒளி இரண்டாம் தாளிடம் அகப்படுகிறது. 90 பங்கு சிவப்பு நீலத் தாளில் நுழைந்து, அதில் நூற்றுக்கு 5 வீதமே, அதாவது நாலரைப் பங்கே மிஞ்சுகிறது. 75 பங்கு பச்சையில் 15 மிஞ்சுகிறது. 5 பங்கு நீலத்தில் 3 மிஞ்சுகிறது. ஆக, 300 பங்கில் 22½ பங்குதான் சுவரை அடைகிறது. அதிலும் பச்சையே மிகுதி. பச்சை புதிதாகப் பிறக்கவில்லை, பாருங்கள்! இரண்டு காவலரும் விட்டுவைத்த ஒளி அது ஒன்றுதான். வட்டம் ஏன் மங்கலாக இருந்தது என்பதும் இதனால் விளங்கும்.

இரண்டு விளக்குகளைக் கொண்டு செய்யும்போதோ, ஒரு தாளை விட்டு வந்த ஒளி மற்றத் தாளின் பக்கமே போவதில்லை. இரண்டும் சுவரில்தான் சந்திக்கின்றன. ஆகவே பெருக்கலுக்கு இடமில்லை, கூட்டலே உண்டு. சிவப்பு 95, பச்சை 95, நீலம் 65. மூன்றும் இருக்கின்றன, நீலம் சற்றுக் குறைவு. ஆதலால் முதலில் உங்களுக்கு மஞ்சள் சாயலுள்ள வெண்மையே தோன்றும். இரண்டு விளக்குகளும் சுவரிலிருந்து 5 அடியில் இருந்தால், நீல விளக்கை மட்டும் 4 அடிக்குக் கொண்டுவாருங்கள். விரிந்து செல்லும் ஒளியின் வலிமை தூரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் குறைவதால், அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகும். இப்பொழுது சிவப்பு 98, பச்சை 106, நீலம் 99 என்று மூன்றும் நெருங்கிவிடுகின்றன. கண்ணுக்கு அது வெண்மை.

சிலருக்கு இந்தச் சோதனை சரிவர அமையாமற் போகலாம். படிந்த இடம் எவ்வளவு முயன்றாலும் இளஞ்சிவப்பாகவே நின்றால், நீலத் தாளைச் சந்தேகியுங்கள். அதைப் பல மடிப்பாக மடித்து ஒரு விளக்கை நோக்கிப் பிடியுங்கள். நீலம் மாறிச் செந்நீலமாகத் தெரியுமானால், அந்தத் தாள் சிவப்பையும் கசிய விடுகிறது என்று பொருள். வேறு கடையில் வேறு தாள் வாங்க வேண்டியதுதான். பழைய இழை பல்பு பொருத்திய டார்ச்சில் நீல ஒளி இயல்பாகவே குறைவு. எல்.இ.டி. விளக்கு இந்த வேலைக்கு மேல்.

நெடுங்காலமாக அறிஞர்களுமே இந்த இரண்டு கலவைகளையும் ஒன்றென்றே எண்ணி வந்தார்கள். 1852ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், நிறமாலையின் தூய மஞ்சளையும் நீலத்தையும் ஒன்றாகப் படியவைத்து, வெண்மை உண்டாவதைக் கண்டு, வண்ணக் கலவையில் நிகழ்வது கழித்தல் என்று விளக்கினார். அதுவரை ஓவியர்களின் பச்சையே எல்லோருக்கும் பிரமாணமாக இருந்தது.

வண்ணக் குழம்பில் நிகழ்வதும் தாள்களை அடுக்கியபோது நிகழ்ந்ததேதான். குழம்பிலே மஞ்சள் துகளும் நீலத் துகளும் நெருங்கிக் கிடக்கின்றன. உள்ளே நுழைந்த ஒளி, மேலும் கீழுமாகப் பல துகள்களைத் தொட்டுத்தான் வெளியே வர முடிகிறது. ஒவ்வொரு துகளும் தனக்குரிய வரியை வசூலித்துக்கொள்கிறது. கடைசியில் தப்பி வருவது பச்சை. எந்த நீலமானாலும் நல்ல பச்சை கிடைக்குமா என்றால், கிடைக்காது. பச்சைச் சாயலுள்ள பிரஷ்ய நீலத்தோடு மஞ்சளைச் சேர்த்தால் தெளிந்த பச்சை வரும். ஊதாச் சாயலுள்ள அல்ட்ராமரின் நீலத்தோடு சேர்த்தால், பாசி பிடித்தாற்போல மங்கிய பச்சையே வரும். அந்த நீலம் தன்னிடமிருந்து பச்சையை மிகக் குறைவாகவே வெளியே விடுகிறது. ஓவியர்கள் இதை அனுபவத்தால் அறிந்திருக்கிறார்கள். நமக்குக் கணக்கால் தெரிகிறது.

ஒரு பள்ளி ஆண்டு விழாவில் நான் கண்டதைச் சொல்லுகிறேன். நாடகத்தில் விடியற்காலைக் காட்சி. மேடைக்கு மஞ்சள் ஒளி வேண்டும். மஞ்சள் தாள் தீர்ந்துவிட்டது. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள் என்று எங்கோ படித்திருந்த மாணவர் ஒருவர், இரண்டு தாள்களையும் ஒரே விளக்கின்மேல் கட்டிவிட்டார். திரை விலகியது; விடியலுக்குப் பதிலாக அமாவாசைதான் வந்தது! படித்தது பிழையன்று. சிவப்புத் தாள் விட்டதைப் பச்சைத் தாள் விழுங்கிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு விளக்குகளில் தனித்தனியே கட்டி, மேடையில் ஒரே இடத்தில் விழச் செய்திருந்தால் அருமையான மஞ்சள் கிடைத்திருக்கும்.

அதையும் செய்து பாருங்கள். சிவப்பும் பச்சையும் படிந்த இடத்தில் மஞ்சள் தோன்றுவதைக் காணும்போது, நீலம் மஞ்சள் சோதனையைவிட வியப்பு மிகும். அங்கே மஞ்சள் ஒளி என்று தனியே எதுவும் இல்லையே, பின் எப்படித் தெரிகிறது? விடை சுவரில் இல்லை. நம் கண்ணில் இருக்கிறது. விழித்திரையில் நிறம் உணரும் கூம்பு உயிரணுக்கள் மூன்று வகை. ஒரு வகை நீண்ட அலைகளுக்கும், ஒரு வகை நடுத்தர அலைகளுக்கும், ஒரு வகை குறுகிய அலைகளுக்கும் மிகுதியாக இசைகின்றன. நிறமாலையின் தூய மஞ்சள் வந்து விழும்போது முதல் இரண்டு வகைகளும் சேர்ந்து கிளர்ச்சியடைகின்றன. சிவப்பும் பச்சையும் தகுந்த அளவில் சேர்ந்து வந்தாலும் அதே இரண்டு வகைகளும் அதே அளவில் கிளர்ச்சியடைகின்றன. மூளைக்குப் போகும் செய்தி ஒன்றே. ஆகவே நிறமும் ஒன்றே. காதுக்கு இந்த ஏமாற்றம் கிடையாது: இரண்டு சுருதிகளைச் சேர்த்து ஒலித்தால், பழகிய செவி இரண்டையும் பிரித்துக் கேட்டுவிடும். கண்ணால் அது முடியாது.

கண்ணால் பிரிக்க முடியாததை ஒரு விரலால் பிரித்துக் காட்டலாம். சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் ஓரடி இடைவெளியில் வைத்து, சுவரில் மஞ்சள் வட்டத்தை உண்டாக்குங்கள். வட்டத்துக்குச் சற்று முன்னால் ஒரு விரலை நீட்டுங்கள். விரல் ஒன்று, நிழல் இரண்டு. ஒரு நிழல் சிவப்பு, மற்றது பச்சை! சிவப்பு விளக்கை விரல் மறைத்த இடத்தில் பச்சை ஒளி மட்டும் விழுகிறது; பச்சை விளக்கை மறைத்த இடத்தில் சிவப்பு மட்டும் விழுகிறது. விரலைச் சுவரை நோக்கி நகர்த்த நகர்த்த இரண்டு நிழல்களும் நெருங்கி வரும். அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் மட்டுமே உண்மையான கறுப்பு நிழலைக் காண்பீர்கள். நீல விளக்கு ஒன்றையும் சேர்த்து மூன்று விளக்குகளால் வெண்மை உண்டாக்கிக்கொண்டு, விரலை நீட்டிப் பாருங்கள். அப்பொழுது நிழல்கள் மூன்று. ஆனால் அவற்றின் நிறங்கள் சிவப்பும் பச்சையும் நீலமும் அல்ல. சிவப்பு மறைந்த நிழல் மயில் நீலமாகவும், பச்சை மறைந்தது செந்நீலமாகவும், நீலம் மறைந்தது மஞ்சளாகவும் தெரியும். வெண்மையிலிருந்து ஒவ்வொன்றைக் கழித்ததால் கிடைத்த நிறங்கள் இவை. வண்ணப் படம் அச்சிடுகிறவர்கள் கறுப்பு மையோடு சேர்த்துப் பயன்படுத்தும் மூன்று மைகளின் நிறங்களும் இவையே.