இருபது வருடம் கழித்து ஒரு ‘ஞாபகம் இருக்கா?’

பள்ளியில் கூடப் படித்த தோழி இருபது வருடம் கழித்துத் திடீரென்று எழுதுகிறாள்: “ஏய், என்னை ஞாபகம் இருக்கா? 12-பி, உன் பெஞ்சுதான். எப்படி இருக்க? அவர் என்ன பண்றார்? எத்தனை பசங்க?”

இதை அனுப்புவதற்கு முன் அவள் தயங்கியிருப்பாள். மறந்திருப்பாளோ, இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்பாளோ என்றெல்லாம் யோசித்திருப்பாள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெக்கி லியூவும் குழுவினரும் 2022-ல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியதே. தன் விசாரிப்பு மற்றவருக்கு எவ்வளவு சந்தோஷம் தரும் என்பதை எழுதுகிறவர் குறைத்தே கணிக்கிறார் என்று அது காட்டியது. எனவே பதிலின் முதல் வேலை, அவளுடைய தயக்கத்தைப் போக்குவது.

“நல்லா இருக்கேன், நீ எப்படி?” என்பது யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய வரி. அவளுக்கு மட்டுமே பொருந்தும் ஒரு நினைவு வேண்டும்.

இங்கே ஒரு சிக்கலையும் சேர்த்துக்கொள்வோம். பதில் எழுத வேண்டியவர் கணவரைப் பிரிந்து மகனோடு வாழ்கிறார். அதை முதல் நாளே சொல்ல அவருக்கு விருப்பமில்லை. அவர் இப்படி எழுதலாம்:

“அடியே, உன்னை மறப்பேனா! கெமிஸ்ட்ரி லேப்ல டெஸ்ட் ட்யூபை உடைச்சிட்டு ரெண்டு பேரும் முழிச்சோமே! நீ எழுதினது அவ்வளவு சந்தோஷமா இருக்கு. நான் இப்ப திருச்சியில இருக்கேன், பேங்க் வேலை. பையன் எட்டாவது படிக்கிறான். நீ எந்த ஊர்ல இருக்க? இன்னும் படம் வரையிறியா?”

கணவரைப் பற்றிய கேள்விக்கு இதில் பதில் இல்லை, பொய்யும் இல்லை. ‘அவர் வெளியூரில் இருக்கிறார்’ என்று சமாளித்தால், அடுத்த முறை பேசும்போதும் அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். மாறாக, பிரிந்த கதை முழுவதையும் கொட்டினால், பாவம், அவள் என்ன சொல்வாள்? தேடி வந்த சந்தோஷம் போய், ஆறுதல் சொல்லும் பொறுப்பு அவள் தலையில் விழும். ஊர், வேலை, பையன் என்று மூன்று விவரம் முதல் நாளுக்குப் போதும். கடைசிக் கேள்வியும் கவனித்து எழுதியது. பழைய தோழியாக அவளால் எளிதில் பதில் சொல்ல முடியும். சம்பளம், சொத்து எதுவும் அதில் வராது.

நினைவு எதுவும் வரவில்லை என்றால் இட்டுக்கட்ட வேண்டாம். “முகம் நல்லா ஞாபகம் இருக்குடி, நீயே ஏதாவது சொல்லேன்” என்று கேட்கலாம். வேறொருவர் அவள் பெயரில் எழுதுகிறாரா என்பதும் அதில் ஓரளவு தெரிந்துவிடும். பேச்சு சீக்கிரமே பணத்துக்கோ, போனுக்கு வந்த ஓடிபிக்கோ திரும்பினால், எழுதுவதை நிறுத்திவிட்டு, அழைத்துக் குரலைக் கேட்க வேண்டும்.

அவள் மறுபடியும் “அவர் எங்க வேலை பார்க்கிறார்?” என்று கேட்கலாம். அப்போது, “அது பெரிய கதைடி, இன்னொரு நாள் சொல்றேன். நீ உன் பொண்ணு போட்டோ அனுப்பு” என்றால் போதும். பெரும்பாலும் அடுத்து வருவது போட்டோவாகத்தான் இருக்கும்.