பாகப்பிரிவினை முடியும் வரை தடை வேண்டும்

தீர்ப்பு வந்துவிட்டதே, இனி அண்ணனால் என்ன செய்ய முடியும் என்று கேட்டார் அந்தப் பெண்மணி. உரிமையியல் நீதிமன்றத்தில் நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது.

தந்தை உயில் எழுதாமல் காலமானார். தாய் முன்பே மறைந்துவிட்டார். நான்கு பிள்ளைகளுக்கும் நான்கு ஏக்கரில் தலா கால் பங்கு. ஆனால், பட்டா மூத்தவர் பெயரில் இருந்தது. சாலையோர இரண்டு ஏக்கருக்கு அவர் முன்பணம் வாங்கியது தெரிந்ததும், தங்கை பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தார். கூடவே, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆவது கட்டளையின்கீழ் இடைக்காலத் தடையும் கோரினார்.

அண்ணன் விற்றுவிடுவார் என்ற அச்சம் மட்டும் இதற்குப் போதாது. வழக்குக்கு முகாந்திரம் உண்டா, தடை மறுக்கப்பட்டால் யாருக்கு அதிக இடர், அந்த இழப்பைப் பணத்தால் ஈடுசெய்ய முடியுமா என்று நீதிமன்றம் பார்க்கும். வாரிசுச் சான்றும் வில்லங்கச் சான்றும் உரிமையைக் காட்டின. விற்பனை ஒப்பந்த நகல் உடனடி ஆபத்தைக் காட்டியது. வழக்கு முடியும் வரை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று தடை கிடைத்தது. அதன் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளரிடமும் கொடுத்தோம்.

பின்னர், தங்கைக்குக் கால் பங்கு உண்டு என்று தீர்ப்பு வந்தது. சிக்கல் தொடங்கியது அங்கேதான். அது முதல்நிலைத் தீர்ப்பாணை. யாருக்கு எவ்வளவு என்று மட்டுமே சொல்வது. எந்தத் துண்டு யாருக்கு என்பதை, வழக்கறிஞர் ஆணையர் நிலத்தை அளந்து அறிக்கை தந்த பிறகு, இறுதித் தீர்ப்பாணையே சொல்லும். 'வழக்கு முடியும் வரை' என்ற தடை முதல்நிலைத் தீர்ப்போடு முடிந்ததாக அண்ணன் கருதினார். சாலையோர நிலத்தை அடமானம் வைத்தார்.

சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தங்கையைக் காத்தது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது செய்யப்படும் மாற்றம், பிற பங்குதாரர்களுக்குத் தீர்ப்பில் கிடைக்கும் உரிமையைக் கெடுக்காது. எனவே அடமானக் கடன் அண்ணனுக்கு ஒதுக்கப்பட்ட துண்டையே சேர்ந்தது. ஆனால், அப்பிரிவு பத்திரப் பதிவைத் தடுப்பதில்லை. கடன் கொடுத்தவர் வழக்கில் நுழைந்தார். பிரிவினை மேலும் இரண்டு ஆண்டுகள் இழுத்தது.

தடையாணை இருந்திருந்தால் நிலைமை வேறு. அதை மீறுபவரின் சொத்தை நீதிமன்றம் பற்றுகை செய்யலாம். மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையிலும் வைக்கலாம்.

ஆகவே, 'இறுதித் தீர்ப்பாணை பிறப்பிக்கப்படும் வரை' என்ற சொற்களை மனுவிலேயே கேளுங்கள். அவை ஆணையில் இல்லையெனில், இறுதித் தீர்ப்பாணைக்கு மனுச் செய்யும் அன்றே புதிய தடையும் கோருங்கள். பங்கு உறுதியாவது ஒன்று. நிலம் கைக்கு வருவது வேறொன்று. தடை தேவைப்படுவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்திலும்தான்.