பண்ணைக்குட்டை ஷீட்: வாய் அளவு மட்டும் போதாது

பண்ணைக்குட்டைக்கு பிளாஸ்டிக் ஷீட் கேட்டுக் கடைக்குப் போனால், விவரம் தெரிந்த கடைக்காரர் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணே, நீங்க சொல்றது குட்டை அளவா, ஷீட் அளவா?" இருபதுக்கு இருபது மீட்டர் குட்டை வெட்டியவர் பெரும்பாலும் 400 சதுர மீட்டர் என்று கணக்குப் போட்டுப் பணத்தோடு வந்திருப்பார். அந்தக் குட்டைக்கு உண்மையில் வேண்டியது ஏறக்குறைய 650 சதுர மீட்டர். ஷீட்டைத் தொழிற்சாலையிலேயே சூடுவைத்து ஒட்டி ஒரே விரிப்பாக அனுப்புவார்கள். குறைந்துபோனால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, வயலில் நின்று ஒட்டுப்போடுவதும் எளிதல்ல.

நல்ல களிமண் நிலத்தில் இந்தச் செலவே பெரும்பாலும் வேண்டியதில்லை. செம்மண், சரளை, மணல் நிலத்தில்தான் நிரப்பிய தண்ணீர் சில நாளில் இறங்கிவிடும். அங்கே வழக்கமாகப் போடுவது 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஷீட்.

இனி அளவு. குட்டையின் வாய் 20 மீட்டர், ஆழம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கரை ஒவ்வொரு மீட்டர் இறங்கும்போதும் ஒன்றரை மீட்டர் உள்வாங்குகிறது. ஒன்றரைக்கு ஒன்று சரிவு என்பது இதுதான். மூன்று மீட்டர் இறங்கும்போது ஒவ்வொரு பக்கமும் நாலரை மீட்டர் உள்வாங்கியிருக்கும். ஆகவே அடித்தரை 11 மீட்டர். ஷீட்டோ சரிவின் மேல் சாய்வாகப் படுக்கிறது. நாலரையையும் மூன்றையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், அந்தச் சாய்வு நீளம் 5.4 மீட்டர் வரும். இரண்டு சாய்வும் அடித்தரையும் சேர்ந்து 21.8 மீட்டர்.

வர்க்கமூலம் வேண்டாம் என்பவருக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. இந்தச் சரிவில் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சாய்வு நீளம் 1.8 மீட்டர், உள்வாங்கியது 1.5 மீட்டர். கூடுதல் வெறும் 30 சென்டிமீட்டர், இரு பக்கமும் சேர்த்து 60. ஆக வாய் அளவோடு, ஆழத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் 60 சென்டிமீட்டர் கூட்டினால் போதும். கரை செங்குத்தாகி ஒன்றுக்கு ஒன்று சரிவானால் 60-க்குப் பதில் 83. படுத்து இரண்டுக்கு ஒன்றானால் 47. வாய் ஒன்றாகவே இருக்க, சரிவு செங்குத்தாக ஆக ஆக ஷீட் கொஞ்சம்தான் கூடுகிறது, தண்ணீரோ நிறையக் கூடுகிறது. இதே குட்டை விளிம்புவரை நிரம்பினால் ஒன்றரைச் சரிவில் 741 கனமீட்டர், ஒன்றுக்கு ஒன்றில் 876. அதனால் செங்குத்தாக வெட்டிவிடலாம் என்று ஆசை வரும். சரளையும் மணலும் அந்தச் சரிவில் நிற்காது. ஷீட்டுக்குப் பின்னால் மண் சரிந்து அடியில் மூட்டையாகக் குவியும். தவறி விழுந்த பிள்ளையும் கன்றும் ஏற முடியாமல் வழுக்கும் இடமும் அதுதான். எந்தச் சரிவானாலும் வேலி போட்டு, முடிச்சுப் போட்ட கயிறுகளைக் கரையிலிருந்து உள்ளே தொங்கவிட வேண்டும்.

அடுத்தது பலர் கணக்கில் விட்டுவிடும் பகுதி: ஷீட்டின் ஓரத்தைப் புதைக்கும் பள்ளம். குட்டை விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, அரை மீட்டர் ஆழம், அரை மீட்டர் அகலத்தில் நான்கு பக்கமும் இதை வெட்டுவார்கள். ஷீட் விளிம்பைத் தாண்டி அரை மீட்டர் கரைமேல் ஓடி, பள்ளத்துக்குள் அரை மீட்டர் இறங்கி, அடியில் அரை மீட்டர் படுக்க வேண்டும். பக்கத்துக்கு ஒன்றரை என்றால் இரு பக்கமும் சேர்த்து 3 மீட்டர். 21.8-உடன் இது சேர்ந்து 24.8 ஆகிறது. பள்ளத்தை விளிம்புக்கு மிக நெருக்கமாக வெட்டினால் இடையில் உள்ள மண்சுவரே உடைந்து உள்ளே விழும். பள்ளமே வேண்டாம், ஓரத்தில் கல் வைத்துக்கொள்ளலாம் என்பவர்களின் குட்டையில் ஒரு மழைக்காலத்திலேயே விளைவு தெரியும். ஷீட் மெல்ல உள்ளே நழுவும், கரையில் ஓடும் மழைநீர் அதன் அடியில் புகுந்து மண்ணை அரிக்கும், ஷீட் அங்கங்கே உப்பிக்கொண்டு நிற்கும்.

கவனமாகக் கணக்குப் போடுகிறவரும் தடுமாறும் இடம் மூலை. நான்கு சரிவுகளின் பரப்பையும் அடித்தரையையும் தனித்தனியே கண்டு கூட்டினால் சுமார் 456 சதுர மீட்டர் வரும். புதைக்கும் ஓரத்தைச் சேர்த்தால் 585. கணக்கு சரிதான். ஆனால் வருவது சதுரமான ஒரே விரிப்பு, 24.8-ஐ 24.8-ஆல் பெருக்கினால் 615. அந்த 30 சதுர மீட்டரும் நான்கு மூலைகளில் மடிப்பாக நிற்கும். அடித்தரை மூலையில் ஒன்றுமில்லாமல் தொடங்கி, மேலே போகப் போக விரிந்து, விளிம்பில் ஒவ்வொரு மூலையிலும் கிட்டத்தட்ட 1.8 மீட்டர் துணி மிஞ்சும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று கத்தியை எடுக்கக் கூடாது. வெட்டிய இடத்தை ஒட்டுவதற்கு இயந்திரமும் பழகிய கையும் வேண்டும். சேலைக் கொசுவம் போல நீளவாக்கில் மடித்து, ஒரு பக்கமாகப் படுக்கவைத்துப் பள்ளத்தில் புதைத்துவிட்டால் காலத்துக்கும் அப்படியே கிடக்கும்.

இவ்வளவு கணக்கும் மதிப்பீட்டுக்குத்தான். ஆர்டர் கொடுக்கும் அளவைக் குட்டை வெட்டி முடிந்தபிறகே எடுக்க வேண்டும். ஜேசிபி ஓட்டுநர் சரிவைக் காகிதத்தில் உள்ளபடி வெட்டுவதில்லை; மேலே படுக்கையாக, அடியில் செங்குத்தாக வந்திருக்கும். ஒரு கயிற்றை எடுத்து, ஒரு பக்கப் பள்ளத்தின் அடியிலிருந்து கரை, சரிவு, தரை, எதிர்ச்சரிவு என்று மறுபக்கப் பள்ளத்தின் அடிவரை மண்ணோடு ஒட்டினாற்போல் படுக்கவிட்டு அளக்க வேண்டும். நீளவாட்டில் மூன்று இடம், அகலவாட்டில் மூன்று இடம் அளந்து, பெரியதை எடுத்துக்கொண்டு அரை மீட்டர் கூட்டலாம். நம் குட்டைக்கு 25.3 வருகிறது. 25.5 என்று எழுதிக் கொடுத்தால் 650 சதுர மீட்டர், எடை சுமார் 300 கிலோ.

அந்த அரை மீட்டர் வீணல்ல. கறுப்பு ஷீட் நடுப்பகல் வெயிலில் விரியும், விடியலில் சுருங்கும். 25 மீட்டர் ஷீட்டில் இந்த வித்தியாசம் அரை அடிவரை போகலாம். வெயிலில் இழுத்து விறைப்பாகப் புதைத்துவிட்டால், மறுநாள் காலையில் சரிவும் தரையும் சேரும் இடத்தில் ஷீட் மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். அங்கே காலால் அழுத்தினால் அடியில் வெற்றிடம் இருப்பது தெரியும். அதன்மேல் 3 மீட்டர் தண்ணீர் ஏறினால் முதலில் கிழிவது அந்த இடமோ, அதற்குப் பக்கத்து ஒட்டோதான்.

விரிக்கும் முன் தரையில் கூர்க்கல்லும் வேர்முனையும் பொறுக்கி, தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு, சல்லடையில் சலித்த மண்ணைப் பரப்ப வேண்டும். கோரைக் கிழங்கைத் தோண்டி எடுக்காமல் விட்டால் அதன் முளை ஷீட்டையே குத்திக்கொண்டு வெளியே வரும். விரித்ததும் பள்ளத்தை உடனே மூடாமல் ஓரத்தை மணல்மூட்டையால் தற்காலிகமாக அழுத்திவைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தண்ணீரின் எடை ஷீட்டை மூலைமுடுக்கெல்லாம் படியவைக்கும்போது ஓரம் சற்று உள்ளே நகரும். நகர்ந்து நின்றபின், ஒரு காலை வேளையில், வெயில் ஏறுமுன் பள்ளத்தில் மண்ணைத் தள்ளி மிதித்து மூடலாம்.