அட்மினாலும் அழிக்க முடியாத கோப்பு

"நீங்கதானே அங்க அட்மின்? உங்களாலேயே டிலீட் பண்ண முடியலையா?"

ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து மனைவி கேட்ட கேள்வி இது. முடியவில்லை. எனக்கு மட்டுமில்லை, என் மேனேஜருக்கும் முடியவில்லை, அமேசான் சப்போர்ட்டில் பேசிய ஆளுக்கும் முடியவில்லை. 2031 மார்ச் வரைக்கும் யாராலும் முடியாது. அப்படி ஒரு பூட்டைப் போட்டது வேறு யாருமில்லை, அடியேன்தான்.

பூட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு என் கதைக்கு வருகிறேன். அமேசானின் எஸ்3 சேமிப்பில் 2018 கடைசியில் 'ஆப்ஜெக்ட் லாக்' என்ற வசதி வந்தது. ஒரு கோப்பைப் போடும்போதே, "இந்தத் தேதி வரை இதை யாரும் அழிக்கக் கூடாது" என்று ஒட்டி அனுப்பிவிடலாம். இதில் இரண்டு வகை. நம்ம ஊர் பேங்க் டெபாசிட்டை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். சாதாரண ஃபிக்சட் டெபாசிட்டை அவசரத்துக்கு நடுவில் உடைக்கலாம், கையெழுத்துப் போட வேண்டும், கொஞ்சம் வட்டி போகும், அவ்வளவுதான். இதுதான் 'கவர்னன்ஸ்' வகை. அதற்கென்று தனி அனுமதி வைத்திருப்பவர், தெரிந்தேதான் செய்கிறேன் என்று சொல்லி அழிக்கலாம். இன்னொன்று, வருமான வரிக்காகப் போடும் ஐந்து வருட டெபாசிட். மேனேஜர் சொந்த மாமாவாக இருந்தாலும் நடுவில் எடுக்க முடியாது. அதுதான் 'கம்ப்ளையன்ஸ்' வகை. அந்தக் கணக்கின் உச்சபட்ச அதிகாரமான ரூட் யூசரில் நுழைந்தாலும் அழிக்க முடியாது. தேதியைத் தள்ளி வைக்கலாம், முன்னால் கொண்டுவர முடியாது.

எதற்கு இவ்வளவு கெடுபிடி? இரண்டு காரணம்.

ஒன்று சட்டம். அமெரிக்காவில் பங்கு வர்த்தகத் தரகு நிறுவனங்கள் தங்கள் கணக்குப் பதிவேடுகளில் சிலவற்றை ஆறு வருடமும், கடிதப் போக்குவரத்து போன்றவற்றை மூன்று வருடமும் வைத்திருக்க வேண்டும். 17a-4 என்பது அந்த விதியின் எண். அவற்றைக் கணினியில் வைப்பதானால் திருத்தவோ அழிக்கவோ முடியாத வடிவில் வைக்க வேண்டும் என்று 1997-இல் சொன்னார்கள். 2022-இல் கொஞ்சம் தளர்த்தி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழுத் தடம் வைத்திருந்தாலும் போதும் என்று இன்னொரு வழியும் கொடுத்தார்கள். தப்பு செய்பவர் சில சமயம் முதலாளியாகவே இருப்பார், அப்போது அட்மினிடம் "அழிச்சிடு" என்று சொல்வதும் அவர்தானே!

இரண்டாவது காரணம் திருடன். 2014 ஜூனில் 'கோட் ஸ்பேசஸ்' என்று ஒரு நிறுவனம் இருந்தது. மென்பொருள் எழுதுபவர்களின் கோப்புகளைப் பாதுகாத்து வைப்பதுதான் அவர்கள் தொழில். யாரோ ஒருவன் அவர்களின் அமேசான் கன்ட்ரோல் பேனலுக்குள் நுழைந்துவிட்டான், பணம் கேட்டான். இவர்கள் கடவுச்சொல்லை மாற்றப் பார்த்ததும், அவன் உள்ளே இருந்தபடியே ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தான். கணினிகள், தரவு, பேக்கப் என்று பெரும்பாலானவை போயின. பேக்கப்பும் அதே சாவிக்குத் திறக்கும் அறையில்தான் இருந்தது. சில மணி நேரத்தில் நிறுவனத்தையே மூட வேண்டிய நிலை. அன்றைக்கு இந்தப் பூட்டு கிடையாது. இன்றைக்கும் பணம் பறிக்க வருபவர்கள் பேக்கப்பைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

இனி என் கதை. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு நிதி நிறுவனத்துக்காக ஆவணச் சேமிப்பு கட்டிக்கொண்டிருந்தோம். சட்டப்படி ஆறு வருடம், அவர்கள் ஒரு வருடம் கூட்டி ஏழு கேட்டார்கள். 2024 மார்ச்சில் வேகத்தைச் சோதிக்க டெஸ்ட் கணக்கில் ஒரு பக்கெட் வேண்டியிருந்தது. அதற்கு ஏழு நாள் பூட்டு போதும் என்று பேசி வைத்திருந்தோம். நான் நிஜக் கணக்கின் அமைப்புக் கோப்பை காப்பி எடுத்து, பக்கெட் பெயரை மட்டும் மாற்றி ஓட்டிவிட்டேன். அதில் இருந்தது இது:

```
{
  "ObjectLockEnabled": "Enabled",
  "Rule": {
    "DefaultRetention": {
      "Mode": "COMPLIANCE",
      "Years": 7
    }
  }
}
```

`Days` என்று இருக்க வேண்டிய இடத்தில் `Years`. எண் அதே ஏழுதான் என்பதால், சரிபார்த்த நண்பர் கண்ணிலும் படவில்லை. அன்று ராத்திரி சோதனை ஓடியது. ஒவ்வொன்றும் சுமார் 100 எம்பி, அறுபதாயிரம் பொய்க் கோப்புகள், மொத்தம் 6 டெராபைட். மறுவாரம் துப்புரவு ஸ்கிரிப்டை ஓட்டினேன். ஒரு பிழையும் வரவில்லை. பக்கெட்டைத் திறந்து பார்த்தேன், காலி. கிளம்பிவிட்டேன்.

இங்கேதான் ஏமாந்தேன். பூட்டு உள்ள பக்கெட்டில் பழைய வடிவங்களை எல்லாம் சேர்த்து வைப்பது கட்டாயம். வெறுமனே "அழி" என்றால் எஸ்3 எதையும் அழிக்காது. கோப்பின் தலைமேல் "அழிக்கப்பட்டது" என்று ஒரு சீட்டை ஒட்டி, கண்ணிலிருந்து மறைத்துவிடும், அவ்வளவுதான். கோப்பு கீழே பத்திரமாக இருக்கும், வாடகையும் ஏறிக்கொண்டே இருக்கும். அடுத்த மாத பில் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெர்ஷன் எண்ணைக் குறிப்பிட்டு அழிக்கச் சொன்னேன், `AccessDenied` என்றது. அனுமதிப் பிரச்சினை என்று நினைத்து ஒரு மணி நேரம் அனுமதிகளைக் குடைந்தேன். பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்:

```
aws s3api get-object-retention --bucket <பக்கெட்> \
  --key <கோப்பு> --version-id <வெர்ஷன்>
```

`COMPLIANCE` என்றும், பக்கத்தில் 2031 என்றும் பதில் வந்தது. விசாவில் இருப்பவனுக்கு அந்த நேரத்தில் வயிற்றில் என்ன கரையும் என்று உங்களில் பலருக்குத் தெரியும்.

பக்கெட்டின் பொது விதியை உடனே மாற்றினேன். அது இனி வரும் கோப்புகளுக்குத்தான், உள்ளே இருப்பவை அசையாது. மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டார். வெர்ஜீனியா பகுதியின் சாதாரண விலை ஒரு ஜிகாபைட்டுக்கு மாதம் 0.023 டாலர். 6000 ஜிபிக்கு மாதம் 138 டாலர், 84 மாதத்துக்கு 11,592 டாலர். பொய்க் கோப்புகளுக்கு!

"அக்கவுண்டையே மூடிட்டா?" என்றார். மண் உண்டியலை உடைப்பது மாதிரி, கம்ப்ளையன்ஸ் பூட்டுக்கு அது ஒன்றுதான் வழி. ஆனால் அந்தக் கணக்கில் இன்னும் நாலு டீமின் வேலைகள் ஓடிக்கொண்டிருந்தன.

அழிக்கத்தான் முடியாது, இடம் மாற்றலாம். பூட்டு கோப்போடு கூடவே போகும், மலிவான கிடங்குக்கு நகர்த்துவதை அது தடுக்காது. 'டீப் ஆர்க்கைவ்' என்ற அடிமட்டக் கிடங்கில் ஜிகாபைட்டுக்கு 0.00099 டாலர். மாதம் ஆறு டாலருக்குள் வரும், 2031 வரை சேர்த்தாலும் ஐந்நூறைத் தாண்டாது. உடனே விதியை எழுதினேன். இரண்டு நாள் ஆகியும் ஒரு கோப்பு நகரவில்லை. காரணம் அந்தச் சீட்டு. மேலே சீட்டு ஒட்டிய பிறகு கீழே உள்ள கோப்பு "பழைய வடிவம்" ஆகிவிடுகிறது, நான் எழுதிய விதியோ நடப்பு வடிவத்துக்கு. `NoncurrentVersionTransition` என்று மாற்றி எழுதியதும் எல்லாம் இறங்கின. கூடவே, பழைய வடிவங்களைக் காலாவதியாக்கும் விதி ஒன்றையும் சேர்த்தேன். பூட்டு இருக்கும்வரை அது சும்மா இருக்கும், 2031-இல் பூட்டு விழுந்ததும் தானே கூட்டிப் பெருக்கிவிடும். டெஸ்ட் கணக்கில் பூட்டு அமைப்பைத் தொடும் `s3:PutBucketObjectLockConfiguration` அனுமதியை எல்லோரிடமிருந்தும் பறித்தோம், என்னிடமிருந்தும். அங்கே சோதனை என்றால் இனி கவர்னன்ஸ் மட்டும்தான்.

இவ்வளவு பிடிவாதமான பூட்டுக்கும் எட்டாத இடங்கள் உண்டு. கணக்கை மூடும் அதிகாரம் திருடன் கையில் போனால் உண்டியலே உடையும். அதனால் ரூட் சாவியைத் தனியாக வைக்க வேண்டும். பில் கட்டாமல் விட்டாலும் கடைசியில் அதே கதிதான். என்னைக் கேட்டால் மோசமானது இன்னொன்று. கோப்பை நம்முடைய சொந்தச் சாவியால் மறையாக்கி வைத்திருந்தால், திருடன் கோப்பைத் தொடவே வேண்டாம், அந்தச் சாவியை அழிக்கச் சொன்னால் போதும். அமேசான் அதற்குக் குறைந்தது ஏழு நாள், சொல்லாவிட்டால் முப்பது நாள் காத்திருக்கும். அதற்குள் யாரும் கவனிக்கவில்லை என்றால் பூட்டு அப்படியே இருக்கும், உள்ளே இருப்பதை யாராலும் படிக்க முடியாது. சாவி அழிப்புக் கோரிக்கை வந்தால் உடனே போன் அலறும்படி வைத்திருக்கிறோம்.

இதெல்லாம் நடந்த பிறகு வீட்டிலும் ஒன்று செய்தேன். அப்பா இறப்பதற்கு முன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள், கல்யாண வீடியோ, பாப்பா பிறந்தது என்று ஒரு 180 ஜிபி இருக்கிறது. எல்லாம் ஒரே லேப்டாப்பிலும், அதே லேப்டாப் திறக்கும் பேக்கப்பிலும் இருந்தன. கோட் ஸ்பேசஸ் கதைதான். இப்போது தனிக் கணக்கில், ஒரு வருடப் பூட்டோடு வைத்திருக்கிறேன், மாதம் நாலு டாலர் சொச்சம். கம்ப்ளையன்ஸ் போடவில்லை. சூடு கண்ட பூனை இல்லையா! கவர்னன்ஸ்தான், ஆனால் பூட்டைத் தாண்டும் அனுமதி லேப்டாப்பில் இருக்கும் சாவிக்குக் கிடையாது. அந்த அனுமதியுள்ள சாவி லேப்டாப்பில் எங்கும் இல்லை, மனைவியின் பீரோவில் பாஸ்போர்ட்டுகளோடு ஒரு கவரில் இருக்கிறது.

ஒவ்வொரு பொங்கலுக்கும் தேதியை இன்னொரு வருடம் தள்ள வேண்டும். முதல் வருடம் மறந்துவிட்டேன். பதினொரு நாள் பூட்டில்லாமல் கிடந்திருக்கிறது. இப்போது வீட்டுக் காலண்டரில் பொங்கலுக்கு முந்தின வாரமே மனைவி கையெழுத்தில் எழுதியிருக்கிறது: "மாமா குரல் – பூட்டு".