முழங்காலுக்குள் ஒரு வேலை மாற்றம்

என் அக்கா மகள் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். போன மாதம் சைக்கிளில் வரும்போது சாலையோரச் சரளையில் சக்கரம் சறுக்கி விழுந்துவிட்டாள். வலது முழங்காலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்துவிட்டது. குழாயடியில் வைத்து மண்ணெல்லாம் போக நன்றாகக் கழுவிவிட்டேன். மறுநாள் காலையில் எழுந்ததும், "மாமா, நேத்தைவிட இன்னிக்குத்தான் மோசமா இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது சரி. புண்ணைச் சுற்றிச் சிவந்திருந்தது, வீங்கியிருந்தது, கை வைத்தால் சுட்டது. ஐந்தாம் நாள் பார்த்தபோது வீக்கம் வடிந்து, சிவப்பு வெளுத்து, மேலே பொருக்கு தட்டியிருந்தது. அப்போது அவள் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை: "வீக்கத்தை யாரு மாமா நிறுத்தினது?"

நிறுத்தியது யார் என்று தெரிய வேண்டுமானால், ஆரம்பித்தது யார் என்று பார்க்க வேண்டும். தோல் கிழிந்த சில மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் புண்ணுக்குள் நுழைந்து கிருமிகளை விழுங்கத் தொடங்கும். அவற்றின் ஆயுள் மிகக் குறைவு. வந்த இடத்திலேயே மடிந்துபோகும். அவற்றுக்குப் பின்னால், ஓரிரு நாளில், மோனோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளணு வந்து சேரும். எலும்பு மஜ்ஜையில் பிறந்து ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்த இந்த அணு, திசுவுக்குள் இறங்கியதும் பெருத்து மேக்ரோஃபேஜ் ஆகிவிடும். தமிழில் இதைப் பெருவிழுங்கி என்கிறோம். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் ஐம்பதை வரிசையாக நிறுத்திவிடலாம்.

வந்து சேர்ந்த புதிதில் பெருவிழுங்கிக்குச் சண்டைக் குணம். கிருமியின் உடல் துணுக்குகள் மேலே பட்டவுடன் அது உசுப்பப்படுகிறது. டி.என்.எஃப் போன்ற புரதங்களைச் சுரந்து, "இன்னும் ஆள் அனுப்பு" என்று ரத்த நாளங்களுக்குச் செய்தி சொல்கிறது. நாளங்கள் விரிகின்றன, நீர் கசிகிறது. மறுநாள் நாங்கள் பார்த்த சிவப்பும் சூடும் வீக்கமும் இப்படிப்பட்ட செய்திகளால் வந்தவைதான். இதற்குத்தான் அழற்சி என்று பெயர். அந்த நாட்களில் அது கெடுதல் அல்ல, தேவையான காவல்.

பிறகு அதே பெருவிழுங்கி பழுது பார்க்கும் குணத்துக்கு மாறுகிறது. இந்த மாற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. நிலக்கடலையிலும் பருப்பிலும் முட்டையிலும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. சண்டைக் குணத்தில் இருக்கும் பெருவிழுங்கி, இந்த ஆர்ஜினினை ஒரு நொதியால் உடைத்து, நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்குகிறது. அது கிருமிகளுக்கு நஞ்சு. பழுது பார்க்கும் குணத்துக்கு வந்த பெருவிழுங்கியோ, வேறொரு நொதியால் அதே ஆர்ஜினினை ஆர்னிதின் என்ற பொருளாக மாற்றுகிறது. ஆர்னிதினிலிருந்து புரோலின் கிடைக்கும். புரோலின்தான் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் நாருக்கு முக்கியமான மூலப்பொருள். அடுப்படியில் இருக்கும் ஒரே அரிசி ஒரு நாள் சோறாகவும் மறுநாள் கூழாகவும் ஆவதுபோல, ஒரே சரக்கு முதலில் ஆயுதமாகிறது, பிறகு நாராகிறது.

இதை எலிகளில் கவனித்த சார்லஸ் மில்ஸ் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும், 2000ஆம் ஆண்டில் சண்டை வகைக்கு எம்1 என்றும் பழுது வகைக்கு எம்2 என்றும் பெயரிட்டார்கள். மனித அணுக்களில் இந்தப் பிரிவு எலியில் உள்ள அளவு கறாராக இல்லை. உண்மையான புண்ணில் பல அணுக்கள் இரண்டு குணத்தையும் கொஞ்சம் கொஞ்சம் காட்டும். இரண்டு தனித்தனி அறைகள் என்று நினைக்காமல், ஒரு கோட்டின் இரு முனைகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மாறும் நேரம் வந்துவிட்டது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? மடிந்த நியூட்ரோஃபில்கள்தான் சொல்கின்றன. உயிரோடிருக்கும் அணு, தன் உறையின் உட்பக்கத்தில் ஒரு கொழுப்பு மூலக்கூறை மறைத்து வைத்திருக்கும். சாகும்போது அது வெளிப்பக்கத்துக்கு வந்துவிடும், சட்டையைப் புரட்டிப் போட்டதுபோல. பெருவிழுங்கி அந்த அடையாளத்தைத் தொட்டுப் பார்த்து, செத்த அணுவை முழுசாக விழுங்குகிறது. அப்படி விழுங்குவதே அதன் குணத்தைத் திருப்புகிறது. டி.என்.எஃப் சுரப்பது குறைகிறது. அழற்சியை அடக்கும் புரதங்களும், நார் பின்னும் செல்களையும் புதிய ரத்தக் குழாய்களையும் வரவழைக்கும் புரதங்களும் வெளிவருகின்றன. ஆகவே, அக்கா மகளின் கேள்விக்குப் பெரும்பங்கு விடை இதுதான்: வீக்கத்தைக் கூட்டிய பெருவிழுங்கிகளே அதை நிறுத்தவும் செய்தன.

இவை இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஜெர்மனியின் கொலோன் நகரத்து ஆய்வாளர்கள் 2010இல் இதைச் சோதித்தார்கள். எலிகளின் தோல் புண்ணில் வெவ்வேறு கட்டங்களில் பெருவிழுங்கிகளை நீக்கிப் பார்த்தார்கள். ஆரம்பத்திலேயே நீக்கினால், புதிய திசு சரியாக வளரவில்லை. தழும்பும் குறைவாகவே இருந்தது. நடுக்கட்டத்தில் நீக்கினால், புதுக் குழாய்கள் தாங்காமல் புண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. கடைசிக் கட்டத்தில் நீக்கியபோது பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே அணுவுக்கு நாளுக்கேற்ப வேறு வேலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சில புண்களில் இந்தத் திருப்பம் நடப்பதே இல்லை. சர்க்கரை நோய் உள்ள தாத்தா பாட்டிகளுக்குக் காலில் சிறு கொப்புளம் வந்தால்கூட மாதக்கணக்கில் ஆறாமல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பெருவிழுங்கிகள் செத்த அணுக்களைச் சரியாக அப்புறப்படுத்துவதில்லை. அதனால் சண்டைக் குணத்திலேயே நின்றுவிடுகின்றன. அவை சுரக்கும் பொருள்கள், புதிதாகப் பின்னிய நாரையே அரிக்கத் தொடங்குகின்றன. கால் ரத்த நாளம் புடைத்து ரத்தம் தேங்குபவர்களுக்கு வரும் புண்ணில் காரணம் வேறு: கசிந்த சிவப்பணுக்களைத் தின்று தின்று பெருவிழுங்கிக்குள் இரும்பு சேர்ந்துவிடுகிறது. அந்த இரும்பு அதைச் சண்டையிலேயே பிடித்து வைக்கிறது.

எதிர்ப்பக்கமும் ஆபத்துதான். பழுது வேலை முடிந்த பிறகும் "நார் வேண்டும்" என்ற செய்தி போய்க்கொண்டே இருந்தால், தழும்பு புடைத்துத் தடிக்கும். நுரையீரலிலோ கல்லீரலிலோ அப்படி நடந்தால், மெத்தென்ற திசு நாராக இறுகிவிடும்.

உங்கள் காயத்தில் திருப்பம் நடக்கிறதா என்று பார்க்க நுண்ணோக்கி வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்குப் பிறகு சிவப்பும் வலியும் நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் சிவப்பு பரவினாலோ, சீழ் கட்டினாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பெரியவர்களிடம் சொல்லி மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அக்கா மகளுக்குப் பன்னிரண்டாம் நாள் பொருக்கு தானாக உதிர்ந்தது. அடியில் ரோஜா நிறத்தில் பளபளவென்று புதுத் தோல். நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கருநீலப் புள்ளி மட்டும் இருந்தது. நான் எவ்வளவு கழுவியும் போகாத சாலைத் தூசு அது. ஏதோ ஒரு பெருவிழுங்கி அதை விழுங்கியிருக்கும், செரிக்க முடிந்திருக்காது. பச்சை குத்திய மை தோலில் தங்குவதும் இப்படித்தான். எலிகளில் பார்த்தபோது, மையைச் சுமக்கும் பெருவிழுங்கி செத்தால், பக்கத்தில் இருக்கும் இன்னொன்று அதே மையை விழுங்கி வைத்துக்கொண்டது. புள்ளியைத் தடவிப் பார்த்துவிட்டு அவள், "அப்போ இப்பவும் உள்ள ஒண்ணு இதைப் பிடிச்சிக்கிட்டு நிக்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.