பில் போடட்டோ, விடட்டோ?

யாழ்ப்பாணத்தில் பெரிய ஹாட்வெயர் கடையொன்றில் முதலாளி என்னிடம் கேட்டார்: "தம்பி, பில் போடட்டோ, விடட்டோ?"

பத்தாயிரம் ரூபாப் பொருளுக்கு 18 வீத வற் வரி 1,800 ரூபா. பில் இல்லாவிட்டால் அது எனக்கு மிச்சம். அவருக்கும் விற்பனை கணக்கில் ஏறாது. நட்டம் அரசுக்கு மட்டும். முறையிடுவதற்கு யாருமில்லை. இந்த இடத்தில் தண்டனைப் பயம் அதிகம் வேலை செய்வதில்லை. 'மற்றவர்களும் கட்டுகிறார்கள், கட்டியது வீண்போகாது' என்ற நம்பிக்கைதான் பில் போட வைக்கிறது. இதையே ஆய்வாளர்கள் வரி மனப்பாங்கு என்கிறார்கள்.

அந்த நம்பிக்கை எப்படி உடைகிறது என்பதற்குச் சீனி ஓர் உதாரணம். 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனி மீதான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. மக்களுக்கு நிவாரணம் என்றார்கள். ஆனால் கடையில் விலை அதற்கேற்ப இறங்கவில்லை. அரசு இழந்த வருமானம் 1,500 கோடி ரூபாவுக்கும் அதிகம். இலாபம் இறக்குமதியாளர்களிடம் தங்கியது.

இதற்கிடையில் 2019 டிசம்பரில் 8 வீதமாக்கப்பட்ட வற், 2024 ஜனவரியில் 18 வீதமானது. பெரியவர்களுக்கு விட்டுக்கொடுத்த அரசு எங்களிடம் அறவிடுகிறது என்று மக்கள் கணக்குப் போடுகிறார்கள்.

சம்பளத்தில் கழிக்கப்படும் வரியில் இந்தக் கோபம் தெரியாது. அங்கே தெரிவுக்கு இடமில்லை. தெரிவு இருக்கும் இடத்தில்தான் அது வெளிப்படும். பரிசோதகர்களைக் கூட்டுவதால் சில பில்கள் கூடலாம். சீனி வரியால் யார் எவ்வளவு உழைத்தார்கள் என்பதற்குப் பதில் கிடைக்காதவரை, முதலாளியின் கேள்வி மாறாது.