காதைத் தொடும் முடி, கண்ணைத் தொடும் முடி

என் தங்கை மகனுக்குப் பதினோராம் மாதத்தில், ஜனவரி கடைசியில், குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டோம். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டும்படி அழுதான். சந்தனம் பூசியதும் அழுகை நின்றுவிட்டது. அன்றிலிருந்து தங்கை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி ஒன்றுதான்: “அக்கா, அடுத்து எப்ப வெட்டணும்? மாசா மாசம் வெட்டணுமா, மூணு மாசத்துக்கு ஒரு தடவையா?”

பெற்றோர் பலரும் இப்படித்தான் நாள் கணக்காகப் பதில் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் குழந்தையின் முடிக்கு நாள் கணக்கைவிட நீளக் கணக்குதான் பொருந்தும். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. சில குழந்தைகளுக்குச் சற்றுக் குறைவாக, சிலருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். இப்போது இருக்கும் நீளத்துக்கும் அது தொந்தரவு தரத் தொடங்கும் நீளத்துக்கும் இடையே எத்தனை செ.மீ. இருக்கிறதோ, கிட்டத்தட்ட அத்தனை மாத அவகாசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தங்கை மகன் கதையையே எடுத்துக்கொள்கிறேன். மொட்டை போட்ட தலையில் எல்லா முடியும் ஒரே நாளில் ஒரே அளவிலிருந்து புறப்படுகிறது. ஆனால் போய்ச் சேரும் இடம் ஒவ்வொன்றுக்கும் வேறு. காதுக்கு மேலே இருக்கும் முடி இரண்டு செ.மீ. வளர்ந்தாலே காது மடலைத் தொட்டுவிடும். பின்கழுத்து முடியும் சீக்கிரமே சட்டைக் கழுத்தில் உரசும். முன்நெற்றி முடிக்கோ புருவம்வரை இறங்க அவன் நெற்றியில் ஐந்து செ.மீ. வேண்டும். அதனால்தான் மொட்டைக்குப் பிந்தைய முதல் வெட்டு முழு வெட்டாக இருக்க வேண்டியதில்லை. மே முதல் வாரம், மூன்று மாதம் கடந்தபோது, காதைச் சுற்றியும் பின்கழுத்திலும் மட்டும் ஒதுக்கிவிடச் சொன்னேன். வெயில் காலம் வேறு. பின்கழுத்தில் வியர்வை தங்கி வேர்க்குரு சிவப்பாக எழும்பியிருந்தது. மேல்முடியை ஒருவரும் தொடவில்லை.

ஜூலையில் முன்முடி கண்ணுக்கு வந்துவிட்டது. சாப்பிடும்போது புறங்கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். முழு வெட்டுக்கான நேரம் அதுதான். பக்கவாட்டில் ஒரு செ.மீ., மேலே மூன்று செ.மீ. என்று விட்டு வெட்டினார்கள். முன்முடி மீண்டும் கண்ணுக்கு வர இரண்டு மாதமாகும். ஆனால் பக்கத்து முடி ஒன்றரை மாதத்திலேயே இரண்டரை செ.மீ. ஆகிக் காதில் விழும். கட்டையாக வெட்டும் பையன்களுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் என்று பொதுவாகச் சொல்வது இந்தக் கணக்கில்தான் அடங்குகிறது. இன்னும் நீளமாக விட்டால் இடைவெளி கூடும். கோடைக்காக ஒட்ட வெட்டிவிட்டால், வடிவம் கலைந்தாலும் குழந்தைக்குத் தொந்தரவு வர இன்னும் நாளாகும்.

பெண் குழந்தைக்கு நெற்றியில் ஃபிரிஞ்ச் விடுபவர்கள்தான் அடிக்கடி கத்தரியை எடுக்க வேண்டியிருக்கிறது. புருவத்தோடு வெட்டினால், அங்கிருந்து இமைக்கு ஒரு செ.மீ. தூரம்கூட இல்லை. மூன்று, நான்கு வாரத்தில் முடி கண்ணில் குத்தும். அது வேண்டாமென்றால் முன்முடியை வளர்த்துக் காதுக்குப் பின்னால் ஒதுக்கலாம். ஆனால் அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும். அதுவரை சின்ன கிளிப்தான் துணை.

வீட்டில் ஃபிரிஞ்ச் வெட்டுபவர்களுக்கு எங்கள் தெரு முடிதிருத்தும் கடைக்காரர் ஒன்று சொல்லுவார்: “ஈரத்துல புருவத்தோட வெட்டாதீங்கம்மா. காஞ்சா நெத்தி நடுவுல போய் நிக்கும்.” ஈரமான முடி நீண்டு தொங்கும், உலர்ந்ததும் சுருங்கி மேலேறும். சுருட்டை முடியில் இது இன்னும் அதிகம். உலர்ந்த முடியில், கத்தரியை நெற்றிக்குக் குறுக்கே வைக்காமல், நுனியை நோக்கி நிமிர்த்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால், குழந்தை திடீரென்று தலையை ஆட்டினாலும் பெரிய பள்ளம் விழாது. கத்தரி நுனி மழுங்கியதாக இருக்கட்டும்.

மாதாமாதம் நுனி வெட்டினால் முடி நீளமாக வளரும் என்று நம்பிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு செ.மீ. வளரும் முடியில் மாதம் ஒரு செ.மீ. வெட்டினால், வருடம் கழித்தும் அதே நீளம்தான் மிஞ்சும். வளர்ச்சி நடப்பது தோலுக்குள் இருக்கும் வேரில். நுனியில் நடப்பது வேருக்குத் தெரியாது. சடை பின்னும் அளவுக்கு வளர்க்க நினைத்தால், சிக்கு விழாமலிருக்க மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை நுனியில் அரை செ.மீ. போதும்.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக வரும் என்பதும் அப்படியே. முடி முளைக்கும் குழிகள் எல்லாம் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன. மழித்தால் அவை பெருகுவதில்லை. பிறகு ஏன் அடர்த்தியாகத் தெரிகிறது? குழந்தையின் முதல் முடி நுனியில் கூர்ந்து மெலிந்திருக்கும். மழித்த முடியின் நுனி தட்டையாக இருப்பதால் தடித்ததுபோல் தோன்றும். அதோடு, மென்மையான பிஞ்சு முடி உதிர்ந்து கனத்த முடி வருவதும் பெரும்பாலும் அந்த முதல் இரண்டு வயதுக்குள்தான். பெயர் மொட்டைக்குப் போகிறது. வேண்டுதலுக்காக மொட்டை போடுவது வேறு. அடர்த்திக்காக என்று ஒரு வயதுக் குழந்தைக்கு இரண்டாவது, மூன்றாவது மொட்டை போடுவது எனக்கு ஒப்பாது. எதற்காகப் போட்டாலும், கத்தியில் புது பிளேடு மாட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். முந்தைய தலையின் ரத்தம் பட்ட பிளேடு மஞ்சள் காமாலைக் கிருமியைக் கடத்தும்.

மொட்டையால் கிடைக்கும் ஒரு நன்மையை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. வளர்ச்சியை அளக்க அது ஒரு தொடக்க நாளைத் தருகிறது. மூன்று மாதம் கழித்து ஸ்கேலை வைத்துப் பார்த்தால் மூன்று செ.மீ.க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்காவது வட்டமாக முளைக்காமல் இருந்தாலோ, செதில் உதிர்ந்து முடி ஒடிந்து நின்றாலோ, அது வெட்ட வேண்டிய விஷயம் அல்ல. தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டியது. தலையில் வரும் படர்தாமரைக்குக் களிம்பு மட்டும் போதாது, உள்ளுக்கு மருந்து வேண்டும்.

“இவளுக்கு மூணு வயசாச்சு, இன்னும் ஒரு தடவைகூட வெட்டத் தேவைப்படலை” என்று சில தாய்மார்கள் சொல்வதுண்டு. சில குழந்தைகளுக்கு முடி வழக்கமான வேகத்தில்தான் வளர்கிறது. ஆனால் வளரும் காலம் குறைவாக இருப்பதால் நீளுமுன்பே உதிர்ந்துவிடுகிறது. வேறு சிலருக்கு வேரின் பிடி தளர்வாக இருக்கும். மெல்ல இழுத்தாலே வலியில்லாமல் கொத்தாக வந்துவிடும். இந்தக் குழந்தைகளுக்குக் கத்தரியாலும் எண்ணெயாலும் பயனில்லை. ஒருமுறை மருத்துவர் பார்த்து இன்னதென்று உறுதி செய்துவிட்டால் போதும். பெரும்பாலும் வளர வளர நிலைமை மேம்படும். அதுவரை இழுத்துக் கட்டாமல், அழுத்திச் சீவாமல் இருந்தால் இருக்கும் முடி தங்கும்.

தங்கை இப்போது என்னிடம் தேதி கேட்பதில்லை. ஆகஸ்ட் நடுவில் பையனின் காது மடல் தெரியும் படம் ஒன்றை அனுப்பி, “முடி காதுல விழுந்துடுச்சு, முன்னாடி இன்னும் கண்ணுக்கு வரலை, ஓரம் மட்டும் போதும்ல?” என்று எழுதியிருந்தாள். போதும் என்றேன்.